தரையில் விழுந்து கத்தும் அந்த மூன்று நிமிடம்

சின்னப் பிள்ளைகள் எழுப்பும் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கோபத்தில் கத்துவது. அது 'வீல்' என்று உயர்ந்து, காதைத் துளைத்து, திடீரென்று நின்று, மறுபடி கிளம்பும். மற்றது அழுகை. அது விம்மலும் முனகலுமாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த அறையில் இருந்து கேட்டால்கூடப் பேரன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று என்னால் சொல்லிவிட முடியும். இந்த வித்தியாசத்தைக் காது பிடித்துவிட்டால், கடையிலோ கல்யாணத்திலோ பிள்ளை தரையில் விழுந்து புரளும்போது நாம் பதறுவது பாதியாகக் குறைந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

நான் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால், மூன்று வயதுப் பேரன் பகல் முழுவதும் என் பொறுப்பு. கடைக்கு, கோயிலுக்கு, விசேஷத்துக்கு எங்கே போனாலும் அவன் என்னோடுதான் வருவான். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குப் படிப்பறிவைவிடப் பட்டறிவுதான் அதிகம். ஆனால் என் மகள் படித்துக் காட்டிய ஓர் ஆய்வு, நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தது.

மைக்கேல் பொட்டேகல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான 335 பிள்ளைகளின் பெற்றோரிடம், பிள்ளை அடம் பிடித்தபோது நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னார்கள். என்ன செய்தது, எத்தனை நேரம் செய்தது, எதற்குப் பிறகு எது வந்தது என்று வரிசையாக. 2003-இல் அதன் முடிவு வெளிவந்தது. நான்கில் மூன்று பங்கு அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. மிக அதிகமாகக் காணப்பட்ட கால அளவு அரை நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடம்தான். கத்துவது, உதைப்பது, அடிப்பது போன்ற கோபமெல்லாம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. அழுகையும் துக்கமும் மட்டும் கடைசிவரை ஓடுகின்றன. பிறகு பொட்டேகலும் வேறு சில ஆய்வாளர்களும் பிள்ளைகளின் உடையிலேயே சின்ன ஒலிவாங்கியை வைத்துத் தைத்து, வீட்டில் கத்தும் சத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். அலறலும் கூச்சலும் ஒரு கூட்டாகவும், அழுகையும் சிணுங்கலும் முனகலும் இன்னொரு கூட்டாகவும் பிரிந்து வந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. முதல் அரை நிமிடத்துக்குள் பிள்ளை காலைத் தரையில் ஓங்கி மிதித்தாலோ தரையில் விழுந்துவிட்டாலோ, அந்த அடம் சீக்கிரமாக முடியும் வாய்ப்பு அதிகம். நமக்கு மானம் போவது அந்தக் கணத்தில்தான். 'ஐயோ, விழுந்துட்டானே, எல்லாரும் பார்க்குறாங்களே' என்று கை நடுங்கும். ஆனால் அந்த விழுகை மோசமான அறிகுறி இல்லை. கோபம் உச்சிக்குப் போய்விட்டது, இனி இறங்க வேண்டியதுதான் என்பதற்கான அறிகுறி.

ஆகவே கோபம் ஓடும்போது செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அந்த நேரத்தில் பிள்ளையிடம் பேசுவது, கேள்வி கேட்பது, சமாதானம் சொல்வது எல்லாமே இறங்கும் கோபத்தை மறுபடி மேலே தள்ளிவிடும். 'என்ன வேணும்? ஏன் அழுவுற? பாட்டி சொன்னா கேப்பியா மாட்டியா?' என்பதையெல்லாம் கேட்டுப் பதில் சொல்லும் நிலையில் அவன் இல்லை. அலறல் விட்டுவிட்டு வர ஆரம்பித்து, விம்மல் மேலே வரும்போதுதான் பிள்ளைக்கு நாம் தேவைப்படுகிறோம். அப்போது தூக்கினால் தோளில் சாய்ந்துகொள்வான். அதற்கு முன்னால் தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துத் திமிறுவான். அந்தத் திமிறலே இன்னும் நேரம் ஆகவில்லை என்று சொல்லிவிடும்.

கடையில் இது ஓரளவு சுலபம் என்பது என் கருத்து. பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் முட்டை வடிவ சாக்லேட்டையும் மிட்டாயையும் எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும். அரை மணி நேரம் தள்ளுவண்டியில் உட்கார்ந்து அலுத்துப் போன பிள்ளைக்கு, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அதைக் காட்டினால் என்ன ஆகும்? ஆனாலும் அங்கே நம்மைப் பார்ப்பவர்கள் யாரோ எவரோ. மலாய்க்கார அம்மா ஒருவர் புன்னகைப்பார், சீனப் பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பார். மறுநாள் அவர்களைப் பார்க்கப் போவதில்லை. தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். வேண்டுமானால் சாமானை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகலாம்.

விசேஷ வீடு வேறு. அங்கே பார்ப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதை உடனே சொல்லும் உரிமையும் இருக்கும்.

இதில் நம் பேராக் மாநிலத்துக் குடும்பங்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியும் முன்னே பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒன்றிரண்டு ஆயாக்கள் அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளை கத்தினால் ஆயா அதை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அத்தனை பேருக்கு நடுவே ஒருவனோடு மட்டும் மல்லுக்கட்ட அவருக்கு நேரம் ஏது? பொறுமையைவிட வேலைச் சுமைதான் காரணமாக இருந்திருக்கும். பலன் என்னவோ ஒன்றுதான். (எல்லாரும் அப்படி இருக்கவில்லை. பிரம்பு இல்லாத வீடு எங்கள் லயத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

அந்த லயத்துப் பிள்ளைக்கு அத்தை, பெரியம்மா, சித்தப்பா எல்லாரும் தினம் பார்க்கும் முகங்கள். இப்போது தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிப்போக, சொந்தங்கள் பாதி ஈப்போவில், பாதி கிள்ளானில், சிலர் ஜொகூரில். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மண்டபத்தில் பார்த்துக்கொள்கிறோம். நமக்கு அவர்கள் சொந்தம். மூன்று வயதுப் பிள்ளைக்கோ, கன்னத்தைக் கிள்ளும் நாற்பது அந்நியர்கள். 'பெரியப்பாவுக்கு முத்தம் குடு', 'மாமிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு' என்று ஒவ்வொருவராக இழுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், மூட்டம் போட்டுக்கொண்டிருப்பது. இதோடு பசி, தூக்கம், ஒலிபெருக்கி. பசியைச் சும்மா சொல்லவில்லை. புளோரன்ஸ் குட்இனஃப் என்ற உளவியலாளர் 1931-லேயே தாய்மார்களைக் குறிப்பேடு எழுத வைத்து, பிள்ளைகளின் கோப வெடிப்பு சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் கூடுவதைக் கண்டிருக்கிறார். நம் கல்யாணங்களில் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் எல்லாமே நடக்கிறது.

போன வருஷம் புந்தோங் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம். பேரன் காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டான். ஏழு மணிக்குப் பாதி ரொட்டி. அதற்குப் பிறகு வயிற்றில் விழுந்ததெல்லாம் வரவேற்பு மேசையில் கிடைத்த கற்கண்டும் ஒரு ஜெலியும். தாலி கட்டி முடிந்து, ஆட்கள் மேடையில் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடை வளைவில் கட்டியிருந்த தங்க நிறப் பலூனை இவன் பிடித்து இழுக்க, அலங்காரம் செய்த பையன் 'வேணாம் தம்பி' என்று மெதுவாகக் கையை எடுத்துவிட்டான். அவ்வளவுதான். மேடைப் படியின் கீழே மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி அலறினான்.

நான் முதலில் செய்தது கைக்கடிகாரத்தைப் பார்த்தது. பதினொன்று நாற்பத்திரண்டு. இது முக்கியம். பத்துப் பேர் பார்க்கும்போது ஒரு நிமிடம் கால் மணி நேரமாகத் தெரியும். கடிகாரம் மட்டும்தான் உண்மையைச் சொல்லும். அடுத்து, பையைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப் புடவையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டு குனிந்தால் என் முகம் அவனுக்கு மேலே கவிந்து மிரட்டுவதுபோல் இருக்கும். எனக்கும் மூச்சு முட்டும். உட்கார்ந்தால் உடம்பு தானாகக் கொஞ்சம் தளர்கிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினேன். மூன்று எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. நாலைந்து முறை செய்தால் நெஞ்சுப் படபடப்பு இறங்குவது தெரியும்.

அவன் காலுக்கு எட்டும் தூரத்தில் ஒரு இரும்பு நாற்காலி இருந்தது, அதை நகர்த்தினேன். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "பலூன் கிடைக்கலன்னு கோவம். பாட்டி இங்கதான் இருக்கேன்." அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவன் முகத்தை உற்றுப் பார்க்காமல், அவன் தோள் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி, அதாவது பெரியவர்கள். ஒரு மாமா கைப்பேசியில் கார்ட்டூனைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு அக்கா, "அழுவாத, அங்க பாரு போலீஸ் வருது" என்றார். என் அண்ணி கையில் லட்டோடு வந்துவிட்டார். எல்லாரும் அன்பால் வந்தவர்கள், அதனால்தான் தடுப்பது கடினம். அப்போது விளக்கம் சொல்லக் கூடாது என்பது என் அனுபவம். விளக்கம் விவாதமாகும், விவாதத்தில் என் குரல் உயரும், என் குரல் உயர்ந்தால் அவனுடையது இன்னும் உயரும். அதற்குப் பதிலாக வேலை கொடுத்துவிட வேண்டும். "அண்ணி, தானா அடங்கிடுவான். எனக்கு ஒரு கிளாஸ் வெந்நீர் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றேன். லட்டு தட்டுக்குத் திரும்பிப் போனது. மாமாவிடம், "கொஞ்சம் ஆளுங்களத் தள்ளி நிக்கச் சொல்லுங்க மாமா" என்றேன். அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காவல்காரர்போல் நின்றார். போலீஸ் அக்காவுக்கு மட்டும் கொடுக்க வேலை கிடைக்கவில்லை. சிரித்து வைத்தேன்.

பதினொன்று நாற்பத்து நாலரை வாக்கில் சத்தம் மாறியது. அலறல் இரண்டுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. 'ம்... ம்...' என்ற விம்மல் வந்தது. கால் நின்றது. தலையைத் திருப்பி என்னைத் தேடினான். கையை நீட்டினேன், ஊர்ந்து வந்து மடியில் ஏறினான். அப்போதுதான் தூக்கிக்கொண்டு வெளியே, ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத ஒரு மரத்தடிக்குப் போனேன். அழுகை இன்னும் நாலு நிமிடம் ஓடியது, அது ஓடத்தான் செய்யும். அண்ணி கொண்டுவந்த வெந்நீரில் ரெண்டு மிடறு குடித்தான். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தியில் உட்கார வைத்து, தயிர்சோறு பிசைந்து கொடுத்தேன். பலூனைப் பற்றிச் சாப்பிட்ட பிறகுதான் பேசினேன், அதுவும் இரண்டு வரி: "அது மேடைக்குக் கட்டினது. கேட்டு, குடுத்தா வாங்கலாம்." நீளமான உபதேசம் அந்த வயதில் நிற்காது.

சாயங்காலம் அலங்காரத்தைக் கழற்றும்போது அந்தப் பையனே பிள்ளைகளுக்கெல்லாம் பலூனைப் பிடுங்கிக் கொடுத்தான். வாங்க விடலாமா என்று மகள் என்னைப் பார்த்தாள். தாராளமாக விடலாம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கிடைப்பது கத்தியதற்கான கூலி ஆகாது.

கத்திக்கொண்டிருக்கும்போது கொடுத்திருந்தால்தான் கூலி. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எப்போதும் கொடுப்பதைவிட, நாலு தடவை மறுத்து ஐந்தாவது தடவை கொடுப்பது அதிகக் கெடுதல். நாலு நம்பர் எடுக்கிறவரைப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் தோற்றாலும், எப்போதோ ஒரு தடவை அடித்ததை நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க எடுப்பார். பிள்ளையும் அப்படித்தான். இரண்டு நிமிடம் 'கிடையாது' என்று சொல்லிவிட்டு மூன்றாவது நிமிடம் சாக்லேட்டைக் கையில் கொடுத்தால், மூன்று நிமிடம் கத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடும். கொடுப்பதாக இருந்தால் வாயைத் திறந்து கேட்டதுமே கொடுத்துவிடலாம், அதில் தப்பில்லை. மறுத்துவிட்டால் அன்றைக்கு அது இல்லை. ஆகவே 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி யோசிப்பது நல்லது. நான் அந்த ஒரு விநாடியில் பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறேன்.

கோபம் அடங்கட்டும் என்று காத்திருக்க முடியாத இடங்களும் உண்டு. கார் நிறுத்துமிடம், மின்படிக்கட்டு, ஹோமம் எரியும் மேடை, சூடான குழம்புத் தூக்குகள் போகும் வழி. இங்கெல்லாம் பேச்சே வேண்டாம். பின்பக்கமிருந்து அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். முகத்தோடு முகமாகத் தூக்கினால் அவன் தலை நம் மூக்கை உடைக்கும். அடம் கூடத்தான் செய்யும், பரவாயில்லை. தாலி கட்டும் நேரமென்றாலும் வெளியே போய்விடுவதே மரியாதை.

அடம் இல்லாமலே வரும் அலறலும் ஒன்று உண்டு. உறுமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளை எதையும் கேட்டு அடம் பிடிக்கவில்லை, அதனால் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் அது அதே மாதிரி கத்தும், கேட்ட பொருளைக் கொடுத்தாலும் நிற்காது. அங்கே காத்திருப்பது கொடுமை. உடனே சத்தத்தை விட்டு விலக்க வேண்டும். எந்தச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் அப்படியே ஆகிறதென்றால், பேச்சு வளர்ச்சியையும் சேர்த்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவது நல்லது. அதேபோல், வழக்கமாகவே ஒவ்வோர் அடமும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஓடுவது, தலையைச் சுவரில் மோதித் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, ஒரே நாளில் ஐந்துக்கு மேல் என்று பல நாட்கள் வருவது, இவையெல்லாம் 'வளர்ந்தா சரியாகிடும்' என்று விட்டுவிட வேண்டியவை அல்ல.

சில பிள்ளைகள் கத்திக் கத்தி மூச்சை அடக்கிக்கொண்டு உதடு நீலமாகிவிடும். பார்க்கவே உயிர் போகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். மண்டபத்தில் இதைக் கண்டால் தண்ணீரை முகத்தில் அடிப்பார்கள், பிடித்து உலுக்குவார்கள். இரண்டும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருக்கும் மிட்டாயை எடுத்துவிட்டு, இடம் விட்டு நின்றால் போதும். ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு வரவில்லை என்றால் 999-ஐ அழையுங்கள். முதல் தடவை வந்தால், மூச்சு திரும்பிவிட்டாலும், கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம் என்பதால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

கத்துவது அடுத்தவர் பிள்ளையாக இருந்தால் நாம் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். லட்டு வேண்டாம், போலீஸ் வேண்டாம், 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டல் இந்தியாவில் ஒரு துணிக்கடையில், என் முன்னால் நின்ற இளம் தாயின் பெண் பிள்ளை தரையில் படுத்துவிட்டது. "நீங்க பாருங்கம்மா, வரிசையில உங்க இடத்த நான் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லி, அவர் கையில் இருந்த துணிமணியை வாங்கிக்கொண்டேன். அவர் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசை நகர்ந்து எங்கள் முறை வருவதற்குள் அந்தச் சின்னது அம்மாவின் தோளில் விம்மிக்கொண்டிருந்தது.